நெஞ்சு நீர் ரிப்போர்ட்: புரோட்டீன், செல், ஏ.டி.ஏ.

மூச்சு வாங்குகிறது என்று வந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்து, "நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று மருத்துவர் சொல்லியிருப்பார். நீரும் எடுத்தாயிற்று. மறுநாள் கையில் ஒரு தாள் வருகிறது. அதில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். காசநோய்ச் சந்தேகத்தில் எடுத்த நீர் என்றால் அவற்றில் மூன்று வரிகள்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன: புரோட்டீன் எவ்வளவு, எந்த வகைச் செல் அதிகம், ஏ.டி.ஏ. எனப்படும் அடினோசின் டிஅமினேஸ் எவ்வளவு. இந்த அத்தியாயம் அந்த மூன்று வரிகளைப் பற்றியது. நோயாளியின் வீட்டாருக்கும், களத்தில் நிற்கும் சுகாதாரப் பார்வையாளர்களுக்கும், செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன். மருந்தைத் தொடங்குவதும் தொடங்காததும் மருத்துவரின் முடிவு. ஆனால் அந்த முடிவு எதன்மேல் நிற்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாத நிலை உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு விடுவது, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே காட்டுவது, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதே அளவுகோல்களோடு உடல் மெலிவையும் சேர்த்துப் பார்த்துத்தான் தீவிர நோயாளிகளைப் பிரித்தெடுக்கிறது. இவர்களுக்கு நீரை எடுத்து மூச்சை இலகுவாக்குவது முதல் வேலை, ரிப்போர்ட் இரண்டாவது.

எடுத்துக்காட்டாக ஒரு ரிப்போர்ட்

பலருடைய தாள்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் எண்களைக் கோத்து ஒரு நோயாளியை இங்கே வைக்கிறேன். வயது 24. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. மூன்று வாரமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், பசியில்லை, நான்கு கிலோ எடை குறைந்துவிட்டது. முதல் வாரம் மூச்சை இழுத்தால் வலது விலாவில் சுருக்கென்று குத்தியது. பிறகு வலி குறைந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நீர் சேர்ந்து, நுரையீரலைச் சுற்றி உரசிக்கொண்டிருந்த இரண்டு உறைகளையும் விலக்கிவிட்டால் வலி குறையும், மூச்சிரைப்பு வரும். வலி போனதை நோய் போனதாக நினைத்து ஒரு வாரம் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர்.

எக்ஸ்ரேயில் வலப்பக்கம் பாதி உயரம் வரை வெள்ளை. ஸ்கேனில் இடம் குறித்து 1,100 மில்லி நீர் எடுத்தார்கள். ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கட்டும் ஆபத்து உண்டு. எடுக்கும்போது விடாத இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும், அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. தாளில் வந்தது இது: புரோட்டீன் டெசிலிட்டருக்கு 5.2 கிராம். மொத்தச் செல்கள் 1,800, அவற்றில் லிம்போசைட் 88 சதவீதம், நியூட்ரோபில் 8, மீசோதீலியல் செல் 1, மீதி மற்றவை. ஏ.டி.ஏ. லிட்டருக்கு 72 யூனிட். சர்க்கரை 68. காசநோய்க் கிருமிக்கான ஸ்மியர்: இல்லை. சி.பி.நாட் பரிசோதனை: கிருமி காணப்படவில்லை. சளியிலும் அதே பதில்.

அவருடைய அம்மா கேட்ட கேள்வியை எல்லா அம்மாக்களும் கேட்பார்கள்: "கிருமியே இல்லைன்னு போட்டிருக்கே, சளியும் வரலை, அப்புறம் எப்படி டாக்டர் டி.பி.ன்னு சொல்றீங்க?" இந்த அத்தியாயம் முழுவதும் அதற்கான பதில்தான்.

கிருமி ஏன் அகப்படுவதில்லை

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் சிறிய காசநோய்ப் புள்ளி ஒன்று உடைந்து அந்த உறைகளின் இடைவெளிக்குள் சில கிருமிகளோ, கிருமியின் புரதத் துணுக்குகளோ சிந்துகின்றன. உடலின் எதிர்ப்புச் செல்கள் அவற்றை அடையாளம் கண்டு பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலில் இரத்தக்குழாய்ச் சுவர்கள் கசிந்து நீர் சேர்கிறது. ஒரு லிட்டர் நீர் சேர்வதற்கு ஒரு லிட்டர் நிறையக் கிருமி தேவையில்லை. பெரும்பகுதி நீர் கிருமியால் வந்ததல்ல, கிருமிக்கு உடல் காட்டிய எதிர்ப்பால் வந்தது.

அதனால்தான் நெஞ்சு நீரில் ஸ்மியர் பரிசோதனை நூற்றில் பத்துப் பேருக்குக்கூட கிருமியைக் காட்டுவதில்லை. சி.பி.நாட் சளியில் மிகச் சிறந்த பரிசோதனை. ஆனால் இந்த நீரில், காசநோய் உண்மையிலேயே இருப்பவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் அது 'இல்லை' என்றே சொல்லிவிடும். 'காணப்பட்டது' என்று வந்தால் நம்பலாம், சந்தேகம் முடிந்தது. 'காணப்படவில்லை' என்று வந்தால் எதுவும் முடிவாகவில்லை. நோயைக் கிழித்துப் போடும் தாளாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருமியை நேரில் பிடிக்க முடியாத இடத்தில், உடல் யாரை எதிர்த்துச் சண்டை போட்டது என்பதைச் சண்டையின் தடயங்களிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன மூன்று வரிகளும் அந்தத் தடயங்களே.

சளி இல்லாவிட்டாலும் சளிப் பரிசோதனையை விடக் கூடாது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாகத் தெரிந்தாலும், உப்புநீர் ஆவி பிடிக்கவைத்துச் சளியை வரவழைத்துக் கல்ச்சர் வைத்தால் கணிசமானவர்களுக்குக் கிருமி வளர்கிறது. கிருமி கிடைத்தால்தான் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று தெரியும். வீட்டிலோ விடுதி அறையிலோ மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் யாருக்காவது இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த நீர் ரிப்போர்ட்டில் எந்த எண்ணும் அதைக் காட்டித் தராது.

முதல் வரி: புரோட்டீன்

நெஞ்சில் நீர் சேர இரண்டு வழிகள். இதயம் தளர்ந்தோ, கல்லீரல், சிறுநீரகக் கோளாறாலோ அழுத்தம் மாறி, நல்ல நிலையில் இருக்கும் உறை வழியாக நீர் வடிவது ஒன்று. இதில் புரோட்டீன் குறைவாக இருக்கும். ரிப்போர்ட்டில் டிரான்ஸூடேட் என்று எழுதுவார்கள். உறையே புண்பட்டுக் கசிவது இன்னொன்று. இரத்தத்திலிருக்கும் புரோட்டீனும் சேர்ந்து கசிவதால் நீர் கெட்டியாக இருக்கும். இது எக்ஸூடேட். காசநோய் நீர் எப்போதும் இந்த இரண்டாவது வகை. புரோட்டீன் பெரும்பாலும் 4 கிராமுக்கு மேல் இருக்கும், 5-ஐத் தாண்டுவதும் சகஜம்.

நீரின் புரோட்டீனைத் தனியாகப் பார்த்தால் போதாது, இரத்தத்தின் புரோட்டீனோடு ஒப்பிட வேண்டும். 1972-இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் வகுத்த கணக்கு இன்றுவரை நிற்கிறது. நீரின் புரோட்டீனை இரத்தப் புரோட்டீனால் வகுத்தால் 0.5-க்கு மேல் வர வேண்டும், அல்லது எல்.டி.எச். என்ற நொதியை அதேபோல் வகுத்தால் 0.6-க்கு மேல் வர வேண்டும். அல்லது நீரின் எல்.டி.எச். மட்டும், இரத்தத்துக்கு லேப் போட்டிருக்கும் மேல் எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டும். மூன்றில் ஒன்று பொருந்தினாலும் எக்ஸூடேட்.

நம் இளைஞருக்கு இரத்தப் புரோட்டீன் 7.4. 5.2-ஐ 7.4-ஆல் வகுத்தால் 0.70. ஐயமில்லாத எக்ஸூடேட். முதல் படி தாண்டியாயிற்று.

இங்கேதான் நடைமுறையில் அதிகம் சறுக்குகிறது. நீரை அனுப்புகிறார்கள், அன்றே எடுக்க வேண்டிய இரத்தத்தை அனுப்ப மறந்துவிடுகிறார்கள். பிறகு வகுப்பதற்கு எண் இல்லை. ஊசி போடும் நாளில் "ரத்தத்திலும் புரோட்டீன், எல்.டி.எச். பார்க்க எடுத்தாச்சா சிஸ்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரத்தம் எடுக்காததால் ரிப்போர்ட்டே பாதி பயனற்றுப்போன நோயாளிகள் உண்டு.

இன்னொரு சறுக்கல், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களிடம். இதயத் தளர்ச்சிக்காக அந்த மாத்திரையைச் சில நாள் சாப்பிட்டவருக்கு, நீர் வற்றும்போது புரோட்டீன் செறிவு கூடிவிடும். 66 வயது பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு காலும் வீக்கம், இரண்டு பக்க நெஞ்சிலும் நீர், மாத்திரை ஒரு வாரமாகப் போகிறது. நீரில் புரோட்டீன் 3.6, இரத்தத்தில் 6.9. வகுத்தால் 0.52, எக்ஸூடேட் என்று தாள் சொல்லும். இப்போது வகுக்காமல் கழித்துப் பாருங்கள்: 6.9-இலிருந்து 3.6 போனால் 3.3. இந்த வித்தியாசம் 3.1-க்கு மேல் இருந்தால், இதயத்தால் வந்த நீர்தான் என்று கொள்ளலாம். அவருடைய ஏ.டி.ஏ. 12 என்று வந்தால் கதை முடிந்தது. அவருக்குத் தேவை இதய மருந்து, காசநோய் மாத்திரை அல்ல.

புரோட்டீன் அதிகம் என்பது 'உறை புண்பட்டிருக்கிறது' என்பதைத்தான் சொல்கிறது. நிமோனியாவும் புற்றுநோயும் அதையே செய்யும். ஆகவே அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வரி: எந்தச் செல்

மூன்று வரிகளில் நான் அதிகம் நம்புவது இதை. மொத்தச் செல் எண்ணிக்கையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை, யார் அதிகம் என்பதுதான் முக்கியம்.

சாதாரண நிமோனியாக் கிருமிகளை எதிர்க்க முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில்கள். சில லேப்கள் இவற்றைப் பாலிமார்ஃப் என்று எழுதும். காசநோயை எதிர்க்கும் நீண்ட சண்டை லிம்போசைட்டுகளுடையது. நீரில் லிம்போசைட் பாதிக்கு மேல் இருந்தால் காசநோய் பட்டியலில் வருகிறது. 80 சதவீதத்தைத் தாண்டினால் நம் நாட்டில், இந்த வயதில், பட்டியலின் தலையில் வருகிறது. நம் இளைஞருக்கு 88.

ஆனால் நாள் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காசநோயிலும் முதல் சில நாள்களில் நியூட்ரோபில்கள்தான் முன்னால் நிற்கும். காய்ச்சல் தொடங்கி நான்கே நாளில் நீர் எடுத்து, நியூட்ரோபில் 70 என்று வந்தால் காசநோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. நிமோனியாவுக்குரிய மருந்து கொடுத்துப் பார்த்து, நீர் குறையாவிட்டால் மறுபடி எடுப்பார்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து எடுத்த நீரில் லிம்போசைட் மேலே ஏறியிருந்தால் படம் தெளிவாகிறது. 'இன்னொரு தடவை ஊசியா' என்று நோயாளி சலித்துக்கொள்வார். அந்த இரண்டாவது ஊசி பல வேளைகளில் ஆறு மாதத் தவறான மருந்தைத் தவிர்த்திருக்கிறது.

மீசோதீலியல் செல் என்ற சின்ன வரியைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. உறையின் உள்பரப்பைப் போர்த்தியிருக்கும் செல்கள் அவை. காசநோய் அழற்சி அந்தப் பரப்பை மூடிவிடுவதால் அவை நீரில் மிக அரிதாகவே உதிர்கின்றன. 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காசநோய்க்கு வாய்ப்புக் குறைவு. நம் ரிப்போர்ட்டில் 1. எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு மட்டும் இந்த விதியை நம்ப முடியாது. இயோசினோபில் 10 சதவீதத்தைத் தாண்டினாலும் காசநோய் பின்னுக்குப் போகும். முன்பு ஊசி போட்டபோது காற்றோ இரத்தமோ உள்ளே போயிருந்தாலும் அந்தச் செல் கூடும். ஆகவே எத்தனையாவது முறை எடுத்த நீர் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

லேபில் நடக்கும் இரண்டு தவறுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். காசநோய் நீரில் புரோட்டீனோடு ஃபைப்ரினோஜனும் இருப்பதால், வெறும் குழாயில் வைத்தால் சிலந்தி வலை மாதிரி உறைந்துவிடும். செல்கள் அந்த வலையில் சிக்கிக்கொள்ள, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து வரும். செல் எண்ணுவதற்கான நீரை, இரத்தம் உறையாமல் இருக்கப் பயன்படுத்தும் ஊதா மூடிக் குழாயில் அனுப்ப வேண்டும். இரண்டாவது, இயந்திரத்தில் எண்ணும் லேப்கள் 'மோனோநியூக்ளியர் 90 சதவீதம்' என்று மட்டும் எழுதும். லிம்போசைட், மேக்ரோஃபேஜ், மீசோதீலியல் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், புற்றுநோய்ச் செல்கூட ஒளிந்துகொள்ளலாம். அப்படி வந்தால், ஸ்லைடில் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஒருவர் பார்த்து எண்ணித் தரும்படி கேட்பதில் தவறில்லை.

லிம்போசைட் அதிகம் என்பதாலேயே காசநோய் என்றும் ஆகிவிடாது. புற்றுநோய் நீரிலும் லிம்போசைட் பாதிக்கு மேல் இருப்பதுண்டு. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 80-ஐயும் தாண்டும். அதனால்தான் மூன்றாவது வரி.

மூன்றாவது வரி: ஏ.டி.ஏ.

அடினோசின் டிஅமினேஸ் என்பது நம் செல்களில் எப்போதும் இருக்கும் ஒரு நொதி. லிம்போசைட்டுகளும் மேக்ரோஃபேஜ்களும் முறுக்கேறிச் சண்டை போடும் இடத்தில் அது நீரில் கூடுகிறது. காசநோய்க் கிருமி இந்த நொதியை உண்டாக்குவதில்லை, நம் செல்கள் உண்டாக்குகின்றன. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் ஏ.டி.ஏ.-வை எங்கே நம்புவது, எங்கே சந்தேகிப்பது என்பது தானாக விளங்கும்.

பொதுவாக வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 40 யூனிட். லேப் பயன்படுத்தும் கிட்டைப் பொறுத்து எல்லை மாறும். எனவே தாளில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பார்க்க வேண்டும். ஒரு லேபின் 38-ஐயும் இன்னொரு லேபின் 45-ஐயும் வைத்து 'கூடிவிட்டது' என்று சொல்லக் கூடாது. நீரைக் குளிர்பதனத்தில் வைக்காமல் நெடுநேரம் மேசையில் விட்டாலும், சிவப்பணுக்கள் உடைந்து கலந்தாலும் எண்ணை நம்ப முடியாமல் போகலாம்.

எல்லைக்கு மேல் வந்தால் எவ்வளவு நம்பலாம்? காசநோய் நீர் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 92 பேரை இது பிடிக்கும், காசநோய் இல்லாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேரையும் தவறாகப் பிடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். நம் இளைஞரைப்போல் சிறு வயது, வாரக் கணக்கில் காய்ச்சல், எடைக் குறைவு, ஒரு பக்க நீர் என்று நூறு பேர் வந்தால், அவர்களில் 70 பேருக்குக் காசநோய் இருக்கலாம் என்று கொள்ளுங்கள். அந்த 70-இல் 64 பேருக்கு ஏ.டி.ஏ. கூடும். மீதி 30-இல் 3 பேருக்குத் தவறாகக் கூடும். ஆக, கூடிய 67 பேரில் 64 பேருக்கு உண்மையான காசநோய். இப்போது வேறு நூறு பேர்: அறுபதைத் தாண்டியவர்கள், நாற்பது வருடம் பீடி பிடித்தவர்கள், காய்ச்சல் இல்லை, நீரில் இரத்தம் கலந்திருக்கிறது. இவர்களில் 10 பேருக்குத்தான் காசநோய் என்று வைத்தால், 9 பேருக்கு உண்மையாகக் கூடும். மீதி 90 பேரில் 9 பேருக்குத் தவறாகக் கூடும். கூடியவர்களில் பாதிப் பேருக்குத்தான் காசநோய். அதே கிட், அதே எண், ஆனால் பொருள் வேறு. இந்தப் பெரியவர்களுக்கு ஏ.டி.ஏ. 55 என்று வந்தாலும் அதோடு நிறுத்தாமல், நீரில் புற்றுநோய்ச் செல் தேடும் சைட்டாலஜி, சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் உறையில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வரை போக வேண்டும். நுண்குழாய்க் கேமரா வைத்துப் பார்த்தபடியே துணுக்கு எடுக்கும் தொராக்கோஸ்கோபி வசதியுள்ள இடத்தில் பதில் கிட்டத்தட்ட உறுதியாகக் கிடைத்துவிடும்.

எல்லைக்குக் கீழே வந்தால்? லிம்போசைட் நிறைந்த நீரில் ஏ.டி.ஏ. 15, 20 என்றிருந்தால் காசநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. இந்த வகையில் 'இல்லை' என்று சொல்வதற்கு ஏ.டி.ஏ. நல்ல சாட்சி. விதிவிலக்கு உண்டு: நோயின் தொடக்க நாள்களிலும் வயதானவர்களிடமும் காசநோய் இருந்தும் எண் தாழ்ந்திருக்கலாம். 30-க்கும் 40-க்கும் இடையில் ஊசலாடும் எண்ணுக்கு, உடனே மாத்திரை தொடங்குவதைவிட மறுபடி நீர் எடுத்துப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து.

மிக அதிகமாக வந்தால்? இங்கே எச்சரிக்கை தேவை. எண் ஏற ஏறக் காசநோய் உறுதியாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 250-ஐத் தாண்டிய ஏ.டி.ஏ. பெரும்பாலும் சீழ் கட்டிய நெஞ்சையோ லிம்போமாவையோ காட்டும். சீழில் கோடிக்கணக்கான நியூட்ரோபில்கள் செத்து உடைவதால் 100, 150 என்றும் வரும். நான் அதிகம் அஞ்சும் தவறு இதுதான். நீர் கலங்கலாக, நாற்றத்தோடு இருக்கிறது. நியூட்ரோபில் 90, சர்க்கரை 20, ஏ.டி.ஏ. 140. யாரோ கடைசி எண்ணை மட்டும் பார்த்துக் காசநோய் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவருக்கு அன்றே தேவைப்பட்டது சீழை வடிக்கும் குழாயும் ஆன்டிபயாடிக்கும். இரண்டு வாரம் போனால் சீழ் அறை அறையாகக் கட்டிக்கொள்ளும், குழாயில் வராது, அறுவை சிகிச்சை வரை போகும். எனவே செல் வரியைப் படிக்காமல் ஏ.டி.ஏ. வரியைப் படிக்காதீர்கள். மூட்டுவாத நோயாளிகளின் நெஞ்சு நீரிலும் ஏ.டி.ஏ. கூடுவதுண்டு, அதில் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருக்கும். விரல் மூட்டுகளைப் பார்த்தாலே துப்புக் கிடைக்கும்.

மூன்றையும் சேர்த்து

அம்மாவுக்குச் சொன்ன பதில் இப்படி இருந்தது: "புரோட்டீன் 5.2, ரத்தத்தோட வகுத்தா 0.70, அதனால இது இதயத்தால வந்த நீர் இல்லைம்மா, உறையில அழற்சி. லிம்போசைட் 88, மூணு வாரக் காய்ச்சலுக்குப் பொருந்துது, நிமோனியாவுக்குப் பொருந்தலை. ஏ.டி.ஏ. 72, ரெண்டையும் உறுதிப்படுத்துது. வயசு 24, நீர்ல ரத்தம் இல்லை, சைட்டாலஜில புற்றுநோய்ச் செல் இல்லை. கிருமி கிடைக்கலைங்கறது இந்த நோய்ல வழக்கம்தான். கல்ச்சர் வச்சிருக்கோம், ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், மருந்து தொடங்கிடலாம்."

இந்த நான்கும், அதாவது புரோட்டீன், செல், ஏ.டி.ஏ., ஆள், ஒரே திசையில் நின்றால் மருந்தைத் தொடங்கலாம். ஒன்று மாறி நின்றாலும், ஏன் மாறி நிற்கிறது என்று கேட்டுவிட்டே அடுத்த அடி வைக்க வேண்டும்.

நம் இளைஞருக்கு எச்.ஐ.வி.யும் இரத்தச் சர்க்கரையும் பார்த்தார்கள். நிக்ஷய் தளத்தில் பதிவு செய்து, எடைக்கேற்ற கூட்டு மாத்திரை தொடங்கினார்கள்: முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால் ஆகிய நான்கு, அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் நீங்கலாக மூன்று. அரசு மையத்தில் மருந்து இலவசம், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. தனியார் மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவருக்கும் பதிவு கட்டாயம், உதவித்தொகையும் உண்டு.

மருந்து தொடங்கியபின் முதலில் இறங்க வேண்டியது காய்ச்சல். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணியும், பசி திரும்பும். நீர் மெதுவாகத்தான் வற்றும், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். சிலருக்கு முதல் வாரங்களில் நீர் சற்றுக் கூடுவதும் உண்டு. கிருமித் துணுக்குகள் சிதறுவதால் எதிர்ப்பு ஒருமுறை பொங்குகிறது, அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் ஒரு மாதம் ஆகியும் காய்ச்சல் விடவில்லை, எடை ஏறவில்லை, நீர் குறையவில்லை என்றால் முதல் தாளை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். நோய் வேறாக இருக்கலாம், அல்லது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருக்கலாம். அந்தத் தாளை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டிய நேரம் அது. ஆறு மாதம் முடியும்வரை நீர் ரிப்போர்ட், எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்த நீர் மருந்தே இல்லாமலும் சில மாதங்களில் தானாக வற்றிவிடக் கூடியது. மூச்சிரைப்பு போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை என்று இரண்டாவது மாதத்தில் நிறுத்துகிறவர்களை ஏமாற்றுவது இதுதான். 1955-இல் அமெரிக்காவில் ரோப்பர், வேரிங் என்ற இரு மருத்துவர்கள், காசநோய் மருந்து பெறாமல் நெஞ்சு நீர் வற்றிய இளம் படைவீரர்களைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: அவர்களில் நூற்றுக்கு 65 பேருக்குப் பின்னாளில் காசநோய் வெளிப்பட்டது.